24 செ.மீ. வாணலியில் காந்தம் ஒட்டுவது எத்தனை செ.மீ.?

கேள்வி: "இண்டக்‌ஷன் பேஸ், 24 செ.மீ., 3 லிட்டர்" என்று போட்டிருந்த ஒட்டாத அலுமினிய வாணலியை ஆன்லைனில் வாங்கினேன். இண்டக்‌ஷன் அடுப்பில் வைத்தால் நடுவில் கருகுகிறது, ஓரத்தில் சூடே ஏறுவதில்லை. இரண்டு லிட்டருக்கு மேல் ஊற்றினால் பொங்கி வழிகிறது. விற்றவர் பொய் சொல்லியிருக்கிறாரா? அடுத்த முறை எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பொய் சொல்லியிருக்க வாய்ப்பு குறைவு. மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் பாத்திரத்தின் வேறு வேறு இடத்தில் அளந்தது. 24 செ.மீ. என்பது வாயின் விட்டம். 3 லிட்டர் என்பது விளிம்பு தொடும்வரை நிரப்பினால் கொள்ளும் அளவு. இண்டக்‌ஷன் பேஸ் என்பதோ அடியில் பதித்திருக்கும் எஃகுத் தகட்டை மட்டும் குறிக்கிறது. அடுப்புக்கு உண்மையில் தேவைப்படும் அளவு அந்தத் தகட்டின் விட்டம்தான். அதைத்தான் பெரும்பாலான விற்பனைப் பக்கங்கள் சொல்வதே இல்லை.

வாணலியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் துளைகள் நிறைந்த ஒரு வட்டத் தகடு அலுமினியத்துக்குள் அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். ஒரு சிறு காந்தத்தை நடுவில் ஒட்டி மெல்ல ஓரம் நோக்கி நகர்த்துங்கள். எந்த இடத்தில் பிடி விடுகிறதோ அதுவே தகட்டின் எல்லை. எதிர்ப்பக்கத்திலும் அதைப்போலவே பார்த்து, இரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளவுகோலால் அளந்துவிடுங்கள்.

தகடு ஏன் என்று கேட்டால், இண்டக்‌ஷன் அடுப்பு நெருப்பைப் போல வெப்பத்தைக் கீழிருந்து தருவதில்லை. கண்ணாடிக்கு அடியிலுள்ள கம்பிச்சுருளில் நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் ஓடுகிறது. அதன் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்க, உலோகம் தானே சூடாகிறது. இரும்பு போன்ற காந்தத் தன்மையுள்ள உலோகங்களில் இது நன்றாக நடக்கும். மின்தடை மிகக் குறைவான அலுமினியத்திலும் செம்பிலும் வழக்கமான அடுப்புகளால் போதிய சூட்டை எழுப்ப முடியாது. அதனால்தான் அலுமினியப் பாத்திரத்துக்கு எஃகுத் தகட்டை ஒட்டுப்போடுகிறார்கள். சூடு பிறப்பது அந்தத் தகட்டில் மட்டுமே. மற்ற இடங்களுக்கு அது அலுமினியத்தின் வழியாக நடந்து போய்ச் சேர வேண்டும்.

உங்கள் வாணலியின் தட்டையான அடி 18 செ.மீ. என்றும், தகடு 14 செ.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பதால், தகடு அடிப்பரப்பில் 60 சதவீதம்தான். 24 செ.மீ. வாயோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு. நீங்கள் வாங்கியது 24 செ.மீ. வாணலி, நேரடியாகச் சூடாவது 14 செ.மீ. வட்டம். நடுவில் கருகாமல் என்ன செய்யும்!

இதைக் கண்ணால் காண, ஒரு செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி நடுத்தரச் சூட்டில் வையுங்கள். முதல் குமிழிகள் எந்த வட்டத்தில் எழுகின்றனவோ அதுதான் உங்கள் உண்மையான அடி. (தண்ணீர் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம், ஒட்டாத பூச்சு வீணாகும்.)

அடுத்து அடியின் தடிமன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட அலுமினியம் ஏறத்தாழ 15 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். இருந்தும் அடி மெல்லியதாக இருந்தால் அந்த வெப்பம் பக்கவாட்டில் போக வழி குறுகிவிடும். தகடு ஒரே அளவாக இருந்தாலும், 4 மி.மீ. அடி உள்ள வாணலியின் ஓரம் 2 மி.மீ. அடி உள்ளதைவிடச் சீராகச் சூடாகும். கையிலுள்ள வாணலியைத் தொடர்ந்து பயன்படுத்தும் எண்ணமிருந்தால், குறைந்த சூட்டில் தொடங்கி, சில நிமிடம் பொறுத்து, பிறகு கூட்டுங்கள். கருகல் குறையும். தகட்டின் அளவு மட்டும் மாறாது.

தகடு மிகச் சிறியதாக இருந்தால் வேறொரு தொல்லையும் வரும். அடுப்பு பீப் ஒலி எழுப்பி நின்றுவிடும். பல அடுப்புகளின் கையேட்டில் குறைந்தபட்ச அடி விட்டம் என்று 12 செ.மீ. போன்ற ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை வாணலியின் அடியோடு ஒப்பிடுவதில் பயனில்லை, காந்தம் ஒட்டும் வட்டத்தோடு ஒப்பிட வேண்டும்.

இனி 3 லிட்டர். சாய்ந்த சுவருள்ள வாணலிக்கு எளிய கணக்கு ஒன்று போதும். வாய் 24, அடி 18 என்றால் சராசரி விட்டம் 21, ஆரம் 10.5 செ.மீ. உள் உயரம் 8.5 செ.மீ. என்று கொண்டால் 3.14 × 10.5 × 10.5 × 8.5, சுமார் 2,940 மி.லி. ஆக, 3 லிட்டர் என்று போட்டதில் பெரிய குற்றமில்லை. ஆனால் விளிம்புவரை நிரப்பி யாரும் சமைப்பதில்லை. பொங்கவும் கிளறவும் இடம் விட்டு மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்தால் ஏறத்தாழ 2 லிட்டர். நீங்கள் கண்ட அளவும் அதுதான். உங்களுக்கு 3 லிட்டர் சமைக்க வேண்டுமென்றால் விவரத்தில் 4.5 லிட்டர் என்று இருப்பதைத் தேடுங்கள்.

அடுத்த முறை, முதலில் அடிப்பக்கத்தின் படத்தைத் தேடுங்கள். விற்பவர் போடாவிட்டால் வாங்கியவர்களின் கருத்துகளில் யாராவது போட்டிருப்பார்கள். பிறகு விற்பவரிடம், "இண்டக்‌ஷனில் வேலை செய்யுமா?" என்று கேட்காதீர்கள், ஆம் என்றே பதில் வரும். "காந்தம் ஒட்டும் பகுதியின் விட்டம் எத்தனை செ.மீ.?" என்று கேளுங்கள். எண் வந்தால் அது கருகல் புராணம் எழுத வேண்டிய வாணலியா இல்லையா என்று நீங்களே முடிவு செய்யலாம். ஒரே பக்கத்தில் 18, 20, 24, 28 என்று பல அளவுகள் விற்கும் இடத்தில் கூடுதல் கவனம் தேவை. விவரம் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும், தகடு ஒவ்வொன்றுக்கும் வேறாக இருக்கலாம். நீங்கள் வாங்கும் அளவைச் சொல்லியே கேளுங்கள்.

கேள்வி: 304 ஸ்டீல் பாத்திரம் வாங்கினேன். அடியில் காந்தம் ஒட்டுகிறது, பக்கச் சுவரில் ஒட்டவில்லை. கலப்படமா?

பதில்: இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். நிக்கல் சேர்ந்த 304 ரகம் காந்தத்தை ஈர்க்காது. வளைத்த இடங்களில் லேசாக ஈர்க்கக்கூடும். இண்டக்‌ஷனுக்காக அடியில் நடுவே அலுமினியம் வைத்து, வெளியே காந்தத் தன்மையுள்ள 430 ரகத்தால் மூடியிருப்பார்கள். சுவரிலும் நன்றாக ஒட்டினால் பெரும்பாலும் அது மூன்றடுக்குப் பாத்திரம்: உள்ளே 304, நடுவில் அலுமினியம், வெளியே 430. இதில் காந்த அடுக்கு அடி முழுவதும் பரவியிருப்பதால், மேலே சொன்ன தகட்டுத் தொல்லை இல்லை. "304" என்ற எண் எந்த அடுக்கைக் குறிக்கிறது என்பதை விவரப் பக்கத்தில் பாருங்கள். உணவு படும் உள்பக்கம் 304 என்று எழுதியிருந்தால் போதும்.