பாக்கி 8,500 வெள்ளியை விட்டுவிடுங்கள்

வணக்கம் ஐயா. பட்டர்வொர்த்தில் சின்ன அளவில் லைட், சவுண்ட், லைட் தொங்கவிடும் அலுமினியக் குழாய்ச் சட்டகமான மேடை ட்ரஸ் எல்லாம் வாடகைக்கு விடுகிறேன். போன மாதம் பிறையில் ஒரு திருமண விருந்து. அலங்காரக்காரர் என் ட்ரஸின் நடுவில் பெரிய பூவளையம் ஒன்றைத் தொங்கவிட்டார். 60 கிலோதான் என்றார். என் ட்ரஸ் 450 கிலோ தாங்கும், லைட்டும் கேபிளும் 206 கிலோதான். அதனால் சரி என்றேன். இரவு எட்டரைக்கு ட்ரஸ் நடுவில் மடங்கி வளையம் விழுந்தது. பெண்ணின் சின்னம்மாவுக்குக் காறை எலும்பு முறிந்தது. என்னிடம் நாள் சம்பளத்துக்கு வரும் பையனுக்கு மணிக்கட்டு உடைந்தது. மருத்துவமனைக்குப் போய் அந்த அம்மாவிடம் 2,000 வெள்ளி கொடுத்தேன். இப்போது பெண்ணின் அப்பா பாக்கி 8,500 வெள்ளியைத் தர முடியாது என்கிறார். 15 வருடப் பழக்கம். முகநூலில் என் பெயரைக் கெடுக்கிறார்கள். அலங்காரக்காரர் போனை எடுப்பதே இல்லை. மண்டபம் கேட்டதால் எடுத்த பொதுப் பொறுப்புக் காப்புறுதி ஒன்று இருக்கிறது. வழக்குப் போட்டுப் பாக்கியை வாங்கலாமா?

— மேடைக்காரர், பட்டர்வொர்த்

வழக்குப் போடலாம். ஒப்பந்தப் பாக்கிக்கு ஆறு வருட அவகாசம் இருக்கிறது, மாஜிஸ்திரேட் நீதிமன்றமே போதும். ஆனால் போடாதீர்கள். முகநூல், 15 வருடப் பழக்கம், போன் எடுக்காதது எல்லாம் உங்களுக்கு வலிக்கும், புரிகிறது. வழக்கில் அவற்றுக்கு எடை இல்லை. எடை உள்ளது ஒரே கேள்விக்குத்தான்: அன்று இரவு எட்டரை மணிக்கு அந்த ட்ரஸ் யார் பொறுப்பில் இருந்தது?

பாக்கி கேட்டு வழக்குப் போட்டால் மனுவில் என்ன எழுதுவீர்கள்? மேடையை நான் கட்டினேன், என் ஆட்கள் கடைசிவரை நின்று பார்த்துக்கொண்டார்கள், ஒப்புக்கொண்ட வேலையை முழுதாகச் செய்தேன், ஆகவே பணம் தாருங்கள் என்றுதான் எழுத முடியும். அடிபட்ட அம்மா நாளை உங்கள்மேல் வழக்குப் போட்டால்? வளையத்தைத் தொங்கவிட்டது அலங்காரக்காரர், அது என் கையை மீறிய காரியம் என்று சொல்ல நினைப்பீர்கள். இரண்டையும் ஒரே வாய் சொல்ல முடியாது.

கனோப்பி வாடகைக்கு விடும் ஒருவர் சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்தார். 6,000 வெள்ளிப் பாக்கிக்காகத் தானே மனு எழுதிப் போட்டிருந்தார். அதில் ஒரு வரி: ‘கம்பம் நட்டதிலிருந்து பிரிக்கும்வரை என் ஆட்களின் மேற்பார்வையில் இருந்தது.’ பதினோரு மாதம் கழித்து, கம்பம் சாய்ந்து அடிபட்ட விருந்தினர் வழக்குப் போட்டார். அந்த வரியை அவருடைய வழக்கறிஞர் அப்படியே எடுத்து முதல் பக்கத்தில் வைத்தார். காயத்துக்கு வழக்குப் போடவும் ஆறு வருடம் இருக்கிறது. அந்த அம்மா இன்று அமைதியாக இருப்பதை முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது அந்த 450 கிலோ கணக்குக்கு வருவோம். 206-உம் 60-உம் சேர்ந்தால் 266, இடம் தாராளமாக இருந்தது என்று நினைக்கிறீர்கள். சாட்சிக் கூண்டில் ஒரு பொறியாளர் ஏறினால் ஐந்து நிமிடத்தில் இதைப் பிரித்துவிடுவார். தயாரிப்பாளர் அட்டவணையில் ட்ரஸின் நீளத்துக்கு நேராக இருக்கும் பெரிய எண், பெரும்பாலும் முழு நீளத்துக்கும் சமமாகப் பரவிய பாரத்துக்கானது. உங்கள் 450-உம் அப்படித்தான் இருக்கும், எடுத்துப் பாருங்கள். அதே பாரத்தை நடுவில் ஒரே புள்ளியில் தொங்கவிட்டால் ட்ரஸ் ஏறக்குறைய இரண்டு மடங்கு வளையும் விசையைச் சுமக்கும். பரவியிருக்கும் லைட்டும் கேபிளும் 206 கிலோ போனால் மிச்சம் 244. நடுப்புள்ளிக்கு அதில் பாதிதான், 122 கிலோ.

வளையம் 60 கிலோ என்று அலங்காரக்காரர் சொன்னது சட்டகமும் பூவும் மட்டுமாக இருக்கும். பூச் செருகும் பச்சை நுரைக் கட்டியை அவர் மறந்திருப்பார். செங்கல் அளவிலான ஒரு கட்டி காய்ந்திருக்கும்போது கையில் தெரியவே தெரியாது, தண்ணீரில் ஊறினால் ஏறக்குறைய இரண்டு கிலோ. அந்த வளையத்தில் 40 கட்டி இருந்தால் தண்ணீர் மட்டும் 80 கிலோ, மொத்தம் 140. எத்தனை கட்டி என்பது அவருடைய கடை ரசீதில் இருக்கும். அப்படியானால் உங்கள் தலையில் இருந்த எண் 60, ட்ரஸில் தொங்கியது 140.

ஆனாலும் இது போதாது. நல்ல நிலையில் இருக்கும் ட்ரஸ் 18 கிலோ அதிகமானதற்காக மடங்காது, தயாரிப்பாளர்கள் அதைவிடப் பெரிய இடைவெளி விட்டுத்தான் எண் போடுவார்கள். அப்படியானால் வேறு ஏதோ நடந்திருக்கிறது. வளையத்தைத் தொங்கவிட்ட பட்டையை ட்ரஸில் எங்கே சுற்றினார்கள்? பாரத்தை நான்கு மூலையிலும் ஓடும் தடித்த குழாயில், குறுக்குக் குழாய்கள் வந்து சேரும் முடிச்சுக்குப் பக்கத்தில் கட்ட வேண்டும். ஒல்லியான குறுக்குக் குழாயின் நடுவில் சுற்றினால் அது உள்ளே வாங்கிவிடும், அதோடு ட்ரஸின் உருவமே போய்விடும். அப்படிக் கட்டியிருந்தால் பழியில் பெரும்பகுதி அலங்காரக்காரருக்குப் போகும். ஆனால் லோரியில் ஏற்றி இறக்கி நசுங்கிய பழைய குழாயோ, வெல்டிங்கில் விரிசலோ இருந்திருந்தால் பழி உங்களுடையது.

ஆகையால் அந்த உடைந்த ட்ரஸ் இப்போது எங்கே இருக்கிறது? இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள். என்னிடம் வரும் வாடிக்கையாளர்கள் விழும் குழிகளில் இதுதான் ஆழமானது. இடத்தை அடைக்கிறது என்று அலுமினியத்தை எடைக்குப் போட்டுச் சில நூறு வெள்ளி வாங்கிக்கொள்வார்கள், தங்களைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சி அதோடு போய்விடும். மடங்கிய பகுதி, இணைப்பு ஊசிகள், சுற்றிய பட்டை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பூட்டி வையுங்கள். ஒன்றையும் நிமிர்த்தாதீர்கள், கழுவாதீர்கள்.

படங்களும் அப்படித்தான். கல்யாணப் புகைப்படக்காரரிடம் அன்று மாலை முதல் எடுத்த படங்கள் நேரத்தோடு இருக்கும். மாலை ஆறே முக்காலுக்கு ட்ரஸ் நேராக இருந்து, எட்டு மணிப் படத்தில் நடு தொய்ந்து தெரிந்தால், அந்த ஒன்றேகால் மணி நேரம் உங்கள் ஆள் எங்கே நின்றான் என்று கேட்பார்கள். கீழே நின்றவர்களை ஏன் விலக்கவில்லை என்றும் கேட்பார்கள். எதிர்த்தரப்புக்கு முன்னால் அந்தப் படங்களை நீங்கள் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது நீங்கள் கொடுத்த 2,000 வெள்ளி. மனிதாபிமானத்தோடு கொடுத்தீர்கள், தப்பு சொல்லவில்லை. கூடவே வாட்ஸ்அப்பில் ‘என் தப்புதான் அக்கா, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிற மாதிரி ஏதாவது அனுப்பினீர்களா? உங்கள் காப்புறுதிப் பத்திரத்தின் நிபந்தனைகளைப் படியுங்கள். விபத்தை உடனே தெரிவிக்க வேண்டும், நிறுவனத்தின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஏற்கவோ பணம் கொடுத்து முடிக்கவோ கூடாது என்று பெரும்பாலும் இருக்கும். ஒரு மாதம் ஓடிவிட்டது. இந்த வாரமே எழுத்தில் தெரிவியுங்கள், 2,000 வெள்ளியையும் மறைக்காமல் சொல்லுங்கள். அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள். அவை அந்த அம்மாவின் போனிலும் இருக்கின்றன.

பையன் விஷயத்தை ஒரு வரியில் கடந்துபோனீர்கள். எனக்கு அதுதான் கவலை. நாள் சம்பளம் என்றாலும் உங்கள் தொழிலுக்காக வேலை செய்தவன் தொழிலாளிதான், அவனுக்கு சொக்சோ என்கிற தொழிலாளர் சமூகக் காப்புறுதி கட்ட வேண்டியது உங்கள் கடமை. கட்டவில்லை என்றால் பயந்துபோய் ‘இவன் சப்-கான்ட்ராக்ட்’ என்று தாள் எழுதி அவனிடம் கையெழுத்து வாங்காதீர்கள். 1969-ஆம் வருடத்து சொக்சோ சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி, காப்புறுதிக்கு உட்பட்ட தொழிலாளி வேலையில் பட்ட காயத்துக்காக முதலாளிமேல் தனியாக நஷ்டஈடு வழக்குப் போட முடியாது. அவன் தொழிலாளி இல்லை என்று நீங்களே எழுதினால் அந்தக் கேடயத்தை நீங்களே உடைக்கிறீர்கள். போய்ப் பதிவு செய்யுங்கள், நிலுவையைக் கட்டுங்கள், விபத்தை அறிவியுங்கள். அபராதம் வந்தாலும் வரட்டும். அவனுடைய மணிக்கட்டுக்குச் சிகிச்சையும் வேலைக்குப் போகாத நாட்களுக்குப் பணமும் அங்கிருந்துதான் வர வேண்டும்.

இதே போல இன்னொன்று. தொழிலிடப் பாதுகாப்புத் துறையான டோஷின் அதிகாரிகள் வந்து அபாய மதிப்பீட்டுத் தாளைக் கேட்டால், இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். பழைய தேதி போட்டுப் புதிதாக எழுதாதீர்கள். 2024 ஜூன் 1 முதல் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் கடுமையாகிவிட்டது. வேலையாட்கள் அல்லாத மற்றவர்களின் பாதுகாப்பில் தவறினாலும் உச்ச அபராதம் 5 லட்சம் வெள்ளி வரை போகும். அதன்மேல் பொய் ஆவணமும் சேர்ந்தால் என்னால் காப்பாற்ற முடியாது.

சரி, பாக்கிக்கு என்ன செய்வது? காப்புறுதி நிறுவனத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு பெண்ணின் அப்பாவோடு சமரசம் செய்துகொள்ளுங்கள். 8,500 வெள்ளியை நீங்கள் கேட்பதில்லை. விருந்து கெட்டது, முன்பணம், மண்டபம் அவரிடம் கேட்கும் சேதம் என்று அவரும் உங்களிடம் எதுவும் கேட்பதில்லை. ஒரு பக்கத் தாள், இருவர் கையெழுத்து, ‘எந்தத் தரப்பும் பொறுப்பை ஒப்புக்கொள்ளவில்லை’ என்ற வரி கட்டாயம். வாய்வார்த்தை வேண்டாம். கோயில் தலைவரை வைத்துப் பேசி முடித்துவிட்டோம் என்று வந்தவர்கள் எல்லோரும் திரும்பவும் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

அந்தத் தாள் சின்னம்மாவைக் கட்டாது. அவர் கையெழுத்துப் போடாத உடன்பாட்டில் அவருடைய காறை எலும்பை அவருடைய மச்சான் விட்டுக்கொடுக்க முடியாது. அவரோடு நீங்கள் நேரடியாகப் பேரம் பேசாதீர்கள், காப்புறுதி நிறுவனம் பேசட்டும். உடல்நலம் விசாரிக்கப் போவதை யாரும் தடுக்கவில்லை, போங்கள், பழங்கள் வாங்கிக்கொண்டு போங்கள். தப்பு யாருடையது என்ற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.

அலங்காரக்காரர் போனை எடுக்காவிட்டால் பரவாயில்லை. பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள்: கட்டிகளின் ரசீது, பட்டை, அன்றைய படங்கள் எதையும் அழிக்கக் கூடாது என்று. அந்த அம்மா உங்கள்மேல் மட்டும் வழக்குப் போட்டு முழுத் தொகையும் உங்கள் தலையில் விழுந்தாலும், 1956-ஆம் வருடத்து சிவில் சட்டத்தின் 10-ஆம் பிரிவின்கீழ் அலங்காரக்காரருடைய பங்கை அவரிடமே கேட்கலாம். அந்தப் பங்கு பாதியா முக்காலா என்பது பூட்டி வைத்த ட்ரஸில் பட்டையின் தடம் எந்தக் குழாயில் பதிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் என்னைப் பார்க்க வருவதற்கு முன் ஒரு பொறியாளரை அழைத்துப் போய் அந்தத் தடத்தை அளந்து, படம் எடுத்து, அவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.