காதுவில்லை விழுந்துபோன பசு: இன்சூரன்ஸ் பணம் வருமா?

கேள்வி: என் ஜெர்சி கலப்பினப் பசு ஏழு மாதச் சினை. பங்குனியில் இன்சூரன்ஸ் செய்தோம். பத்து நாளுக்கு முன் வேலிக் கம்பியில் மாட்டிக் காதுவில்லை பிய்ந்து விழுந்துவிட்டது, தேடியும் கிடைக்கவில்லை. புதுசு போட்டால் போதுமா? நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பணம் வாங்க என்னென்ன காகிதம் வேண்டும்?

பதில்: போதாது. வில்லை போடுவது பாதி வேலைதான், அந்தப் புது எண் உங்கள் பாலிசியிலும் ஏற வேண்டும். பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள், ‘வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை’ என்ற வரி பெரும்பாலும் இருக்கும்.

நான் கால்நடை மருந்தகத்தில் இருந்தபோது நடந்தது இது. ஒரு கறுப்பு வெள்ளை கலப்பினப் பசு, ஐப்பசியில் வில்லையைத் தொலைத்தது. ஊசி போட வந்தவரிடம் சொல்லிப் புதிது போட்டுக்கொண்டார்கள், அதோடு விட்டுவிட்டார்கள். தை மாதம் வயிறு உப்பி மாடு செத்தது. இறப்புச் சான்றிதழில் ஓர் எண், பாலிசியில் வேறோர் எண். ‘இது நாங்கள் இன்சூர் செய்த மாடே இல்லை’ என்று கடிதம் வந்தது. கடைசியில் காப்பாற்றியவை இரண்டு. பழைய எண்ணுக்குப் பதில் புது எண் போட்ட தேதி கால்நடைத் துறையின் கணினிப் பதிவில் இருந்தது. இன்சூரன்ஸ் எடுத்த நாளில் பிடித்த போட்டோவில் நெற்றிச் சுட்டியும் வால் நுனி வெள்ளையும் தெளிவாகத் தெரிந்தன. பணம் வர நான்கு மாதம் ஆனது.

அதனால் நாளைக்கே பாலிசியோடு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். பழைய எண் பாலிசியில்தான் இருக்கிறது. ‘பழைய வில்லை தொலைந்தது, இன்ன தேதியில் இன்ன எண் போடப்பட்டது’ என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். கணினியில் பழைய எண்ணை மாற்றித்தான் புது எண்ணைப் பதிய வேண்டும். புது மாடாகப் பதிந்துவிட்டால் பழைய தடுப்பூசி, சினை ஊசிக் கணக்கெல்லாம் அறுந்துபோகும். பிறகு அந்தச் சான்று, புது வில்லை தெரியும் போட்டோ, ஒரு விண்ணப்பம் மூன்றையும் கம்பெனிக்குக் கொடுத்து, எண் மாற்றத்தைப் பாலிசியில் சேர்த்த எழுத்துக் குறிப்பாக, அதாவது எண்டார்ஸ்மென்டாக, வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னது கணக்கில் வராது.

கிழிந்த காதை விட்டு மறு காதில் போடச் சொல்லுங்கள். காதின் நடுவில், இரண்டு தடித்த குருத்தெலும்பு மேடுகளுக்கு இடையே, இரத்தக் குழாயைத் தவிர்த்துக் குத்த வேண்டும். ஓரத்தில் குத்தினால் அடுத்த கம்பியிலும் பிய்யும். மழைக்காலமாக இருந்தால் ஒரு வாரம் புண்ணைத் தினமும் பாருங்கள், ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும்.

மாடு இறந்துவிட்டால் முதல் வேலை கம்பெனிக்குத் தகவல். போன் செய்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, எழுத்திலும் அனுப்புங்கள். அவர்களுடைய ஆள் பார்ப்பதற்கும், பிரேதப் பரிசோதனை முடிவதற்கும் முன்னால் புதைக்காதீர்கள். முழு உடம்பும் இரண்டு பக்கமும், தலையோடு வில்லையும், எண் மட்டும் நெருக்கத்திலும் போட்டோ எடுங்கள். வில்லையை நீங்களாகக் கழற்றக் கூடாது. கழன்ற வில்லை எந்த மாட்டுடையது என்று யாருக்குத் தெரியும்? பரிசோதனை முடிந்ததும் மருத்துவர் முன்னிலையில் காதோடு சேர்த்து அறுத்து எடுத்து ஒப்படைப்பதுதான் வழக்கம்.

இதில் ஒரு விலக்கு உண்டு. மாடு திடீரென்று விழுந்து, மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கறுப்பு இரத்தம் கசிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். அங்கே கத்தியே வைக்கக் கூடாது, காதையும் அறுக்கக் கூடாது. மருத்துவர் காதுநுனி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து, பிரேதப் பரிசோதனை ஏன் செய்யவில்லை என்று சான்றிதழில் எழுதித் தருவார். அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

மானியத் திட்டத்தில் எடுத்த பாலிசியானால் கேட்கப்படுவது நான்கே: தகவல் கொடுத்த சான்று, பாலிசி, இழப்பீட்டு விண்ணப்பம், பிரேதப் பரிசோதனை அறிக்கை. இவை சேர்ந்த 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது விதி. நடைமுறையில் மருத்துவரின் இறப்புச் சான்றிதழ், சிகிச்சைச் சீட்டு, தடுப்பூசி அட்டை, பாஸ்புத்தக நகல் எல்லாம் கேட்பார்கள், தயாராக வையுங்கள். சான்றிதழை வாங்கும் இடத்திலேயே எண்ணை நான்கு நான்காகப் பிரித்து உரக்கப் படித்து, போட்டோவோடு ஒப்பிடுங்கள். 3-க்கும் 8-க்கும் குழம்பி மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வங்கிக் கடனில் வாங்கிய மாடா என்று நீங்கள் சொல்லவில்லை. கடன் இருந்தால் அசல் பாலிசி வங்கியில் இருக்கும், இழப்பீடும் முதலில் கடன் கணக்குக்குத்தான் போகும். எண்டார்ஸ்மென்ட் நகல் ஒன்றை அங்கேயும் கொடுத்துவிடுங்கள்.