புது மைக் வாங்கும் முன் ஒரு போர்வை

"யாங்கூனில் சிமென்ட் அறை, டைல்ஸ் தரை. கண்டென்சர் மைக்கில் கதை பதிவு செய்தால் குரல் எதிரொலிக்கிறது, பக்கத்து ஜெனரேட்டரும் கேட்கிறது. புது மைக் வாங்கணுமா?"

இப்போதைக்கு வேண்டாம் அண்ணே. எதிரொலி வருவது சுவரிலிருந்தும் தரையிலிருந்தும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து, அதற்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். மைக் உங்களையும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதையும்தான் அதிகம் கேட்கிறது. தரையில் கனத்த போர்வை விரியுங்கள். மைக் ஒரு சாண் தூரத்தில், வாய்க்குச் சற்று ஓரமாக இருக்கட்டும். அப்புறம் கெயினைக் குறையுங்கள். உச்சம் -12 dB போதும். கைதட்டினால் சத்தம் வால் போல இழுக்கிறதா? இன்னொரு போர்வை.

ஜெனரேட்டர் உறுமலைப் போர்வை தடுக்காது. கரண்ட் இருக்கும்போது, ஜெனரேட்டர் ஓடாத நேரத்தில் பதிவு செய்யுங்கள். மிச்சமிருக்கும் தாழ்ந்த உறுமலுக்கு Audacity-யில் High-Pass Filter, 80 Hz. அதற்கு ரொம்ப மேலே ஏற்றினால் ஆண் குரல் மெலிந்துவிடும்.