காது கூர்மை, கண் மங்கல்: திருகைத் தொடுவதற்கு முன்

"ஏ.பி.எஸ்-சி சென்சார் உள்ள டி.எஸ்.எல்.ஆரில் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் போட்டு ஆட்களைப் படம் எடுக்கிறேன். நடுப்புள்ளியால் கண்ணில் ஃபோகஸ் வைத்து, பிறகு கேமராவைத் திருப்பி ஃபிரேமைச் சரிசெய்து எடுப்பேன். கேமராத் திரையில் நன்றாகத் தெரிகிறது. கணினியில் பெரிதாக்கினால் கண் மங்கல், காது கூர்மை. பழுதுபார்ப்பவர் ஒருவர் 'இது பேக் ஃபோகஸ், உள்ளே ஒரு திருகைத் திருப்பினால் போதும்' என்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். குறைந்தபட்சம், கீழே சொல்லும் சோதனையை முடிக்கும்வரை கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் திருகு எது என்று எனக்குத் தெரியும். கண்ணாடிப் பெட்டிக்குள், துணைக் கண்ணாடி வந்து சாய்ந்து நிற்கும் இடத்தைத் தீர்மானிக்கும் சிறு முட்டு அது. அதைத் திருப்பினால் உங்கள் 50 மி.மீ. லென்ஸுக்கு மட்டும் ஃபோகஸ் மாறாது. நீங்கள் இனி அந்தக் கேமராவில் மாட்டும் ஒவ்வொரு லென்ஸுக்கும் மாறும். அளவுகருவி இல்லாமல், கண்மதிப்பில் திருப்பிவிட்டுக் கேமராவைக் கையில் கொடுப்பவர்களிடமிருந்து வந்த கேமராக்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு லென்ஸ் சரியாகி, நன்றாக இருந்த இரண்டு லென்ஸ்கள் கெட்டுப் போயிருந்தன. பழைய நிலை எது என்று யாரும் குறித்து வைத்திருக்கவில்லை.

கேமராவில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வியூஃபைண்டர் வழியாகப் பார்த்து எடுக்கும்போது, ஃபோகஸ் சரியா என்று பார்ப்பது படம் பதியும் சென்சார் அல்ல. பெரிய கண்ணாடியின் நடுப்பகுதி ஒளியில் கொஞ்சத்தைப் பின்னால் விடுகிறது. துணைக் கண்ணாடி அதைக் கீழே திருப்பி, பெட்டியின் அடியில் இருக்கும் தனி ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்புகிறது. லென்ஸிலிருந்து அந்தச் சென்சாருக்கு ஒளி போகும் தூரமும், படச் சென்சாருக்குப் போகும் தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும். 'பீப்' என்ற ஒலி, அடியில் உள்ள சென்சார் திருப்தியடைந்தது என்றுதான் சொல்கிறது. படம் கூர்மை என்று அது சொல்லவில்லை. உங்கள் லென்ஸில், ஒன்றரை மீட்டர் தூரத்தில் நிற்கும் ஆளிடம் 4 செ.மீ. பிழை தெரிய, கேமராவுக்குள் சுமார் 0.05 மி.மீ. வித்தியாசம் போதும். இது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. இந்த அளவைக் கையால் திருகித் திருத்துகிறேன் என்பவரை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் கேள்வியிலேயே இன்னொரு சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது. நடுப்புள்ளியில் ஃபோகஸ் வைத்துவிட்டுக் கேமராவைத் திருப்புகிறீர்கள். ஃபோகஸ் தளம் கேமராவுக்கு நேர் எதிரே நிற்கும் ஒரு தட்டையான சுவர் மாதிரி. கேமராவைத் திருப்பினால் அந்தச் சுவரும் கூடவே திரும்பி, கண்ணுக்குப் பின்னால் போய்விடுகிறது. ஒன்றரை மீட்டரில் 10 டிகிரி திருப்பினால் சுமார் 2 செ.மீ. பின்னால் போகும். அந்தத் தூரத்தில் எஃப்/1.8-இல் உங்களுக்குக் கிடைக்கும் கூர்மை ஆழம் மொத்தமே ஆறரை செ.மீ.; அதாவது கண்ணுக்கு முன்னால் சுமார் மூன்று, பின்னால் சுமார் மூன்று. அதில் இரண்டு போய்விட்டது. நீங்கள் மூச்சுவிட்டு உடல் கொஞ்சம் ஆடினால் மீதி ஒன்றும் போய்விடும். பார்ப்பதற்கு அசல் பேக் ஃபோகஸ் போலவே இருக்கும், கேமராவில் ஒரு குறையும் இருக்காது. இதற்காகக் கேமராவை அளவுதிருத்தம் செய்தால், திருப்பாமல் எடுக்கும் படங்கள் எல்லாம் கெட்டுவிடும். ஆகவே கண்ணின் மேல் நேராக விழும் பக்கப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, கேமராவைத் திருப்பாமல் முதலில் இருபது படம் எடுத்துப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால் அசல் சோதனைக்குப் போகலாம். கேமராவை முக்காலியில் வையுங்கள். ஒன்றரை மீட்டரில், சென்சாருக்கு இணையாக, எழுத்து நிறைந்த தட்டையான பெட்டி ஒன்றை நிறுத்துங்கள். அதன் பக்கத்தில், பெட்டியின் முகம் இருக்கும் இடத்தில் பூஜ்ஜியம் வருமாறு, ஒரு அளவுகோலை 45 டிகிரி சாய்த்து வையுங்கள். ஃபோகஸ் வைக்க வேண்டியது பெட்டியில், அளவுகோலில் அல்ல. இந்த இடத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். சாய்ந்த அளவுகோலின் நடுவில் ஃபோகஸ் புள்ளியை வைத்து எடுக்கிறார்கள். வியூஃபைண்டரில் தெரியும் சின்னக் கட்டத்தைவிட உண்மையான ஃபோகஸ் பகுதி பெரிது. அதனால் அது அளவுகோலில் எந்தக் கோட்டைப் பிடித்தது என்று உங்களுக்குத் தெரியாது. இல்லாத குறையைக் கண்டுபிடித்துத் 'திருத்திய' பலர் இப்படித்தான் ஏமாந்தார்கள். விலை உயர்ந்த சோதனை அட்டை வாங்கச் சொல்பவர்களையும் ஒதுக்குங்கள். தட்டையாக நிற்கும் எந்தப் பெட்டியும் போதும்.

எஃப்/1.8, நடுப்புள்ளி, நல்ல வெளிச்சம், இரண்டு விநாடி டைமர். லென்ஸில் நடுக்கக் குறைப்பு இருந்தால் அதை அணையுங்கள். வியூஃபைண்டர் வழியாகப் பத்துப் படங்கள் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன் ஃபோகஸ் வளையத்தைக் கையால் குலைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் கேமரா 'ஏற்கெனவே சரி' என்று நகராமல் நின்றுவிடும். பிறகு, பின்பக்கத் திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூவுக்கு மாறி அதே பெட்டியில் ஃபோகஸ் வைத்து ஐந்து எடுங்கள். லைவ் வியூவில் ஃபோகஸைப் பார்ப்பது படச் சென்சாரேதான், அதனால் அந்த ஐந்தும் உங்கள் நீதிபதி. லைவ் வியூ கூர்மை, வியூஃபைண்டர் மங்கல் என்றால் அளவுதிருத்தம் தேவை. இரண்டும் மங்கல் என்றால் லென்ஸிலோ நடுக்கத்திலோ வேறு ஏதோ இருக்கிறது. வியூஃபைண்டர் படங்களில் சில முன்னால், சில பின்னால் என்று சிதறினால், எந்த அளவுதிருத்தம் செய்தாலும் பயன் இல்லை.

ஒருவரின் கேமராவில் நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். உங்களுடையதைப் போன்ற லென்ஸ், அதே தூரம். பத்தில் ஒன்பது படங்களில் அளவுகோலின் கூர்மையான இடம் 5 அல்லது 6 செ.மீ. குறியில், பெட்டிக்குப் பின்னால் இருந்தது. அளவுகோல் 45 டிகிரி சாய்ந்திருப்பதால் 0.7 ஆல் பெருக்க வேண்டும். உண்மையான பிழை சுமார் 4 செ.மீ. ஒன்பது படமும் ஒரே பக்கம் போனதால் அளவுதிருத்தம் உதவும் என்று தெரிந்தது. நிக்கானில் AF fine-tune, கேனானில் AF Microadjustment என்று மெனுவில் இருக்கும் இடத்தில் எண்ணை மாற்றினோம். மைனஸ் எண், ஃபோகஸைக் கேமராவை நோக்கி இழுக்கும், பிளஸ் தள்ளிவிடும். மைனஸ் 5 போட்டதும் பிழை 2 செ.மீ. ஆனது. மைனஸ் 10-இல் பெட்டியும் அளவுகோலின் பூஜ்ஜியமும் ஒன்றாகக் கூர்மை பெற்றன. மைனஸ் 15-இல் 2 செ.மீ. முன்னால் வந்துவிட்டது. மைனஸ் 10-இல் நிறுத்தினோம். இரண்டு பிராண்டிலும் எண் பிளஸ் 20 முதல் மைனஸ் 20 வரைதான் போகும். அந்த எல்லையை உங்கள் லென்ஸ் எட்டினால் மெனுவை விடுங்கள். அது சர்வீஸ் வேலை. மெனுவில் 'எல்லா லென்ஸுக்கும் ஒரே அளவு' என்ற தேர்வைத் தொடாமல், லென்ஸ்வாரியாகச் சேமிக்கும் தேர்வையே எடுங்கள்.

இந்த மெனு உங்கள் கேமராவில் இல்லாமல் போகலாம். அதற்காக எனக்குக் கோபம் வருகிறது. கேனான் 50டியில் இருந்ததை 60டியில் எடுத்துவிட்டு 70டியில் மறுபடி கொடுத்தார்கள். நிக்கான் 7000 வரிசையில் கொடுத்து, 3000, 5000 வரிசைகளில் கொடுக்கவில்லை. ஃபோகஸ் சென்சார் சொல்லும் எண்ணோடு ஒரு எண்ணைக் கூட்டிக் கழிக்கும் மென்பொருள் வேலை அது. அதை முதல் கேமரா வாங்குபவரிடமிருந்து மறைத்துவிட்டு, அவர் சர்வீஸ் மையத்துக்குப் போனால் 'அனுமதித்த வரம்புக்குள் இருக்கிறது' என்று திருப்பி அனுப்புவதை நான் ஏற்றுக்கொள்ளவே மாட்டேன். கேமரா வரம்புக்குள், லென்ஸும் வரம்புக்குள். ஆனால் இரண்டின் பிழையும் ஒரே பக்கம் சேர்ந்தால் படம் மங்கல். தனித்தனியாகச் சோதித்தால் அது ஒருநாளும் அகப்படாது.

ஒரு விஷயத்தில் மட்டும் நிதானமாகக் கேளுங்கள், ஏனென்றால் உங்கள் வகை லென்ஸ்களில் இது வரும். ஃபோகஸ் நடக்கும்போது லென்ஸ் முழுத் துளையில் இருக்கும், ஷட்டர் விழும் கணத்தில்தான் நீங்கள் வைத்த அளவுக்குச் சுருங்கும். பெரிய துளை லென்ஸ்கள் சிலவற்றில், துளை சுருங்கும்போது கூர்மையான இடமே கொஞ்சம் பின்னால் நகர்ந்துவிடுகிறது. லென்ஸின் ஓரத்தின் வழியாக வரும் ஒளியும் நடுவின் வழியாக வரும் ஒளியும் ஒரே இடத்தில் குவியாததால் வரும் விளைவு இது. எஃப்/1.8-இல் மைனஸ் 10 வைத்து எல்லாம் சரி என்று போய், எஃப்/2.8-இல் எடுத்த படங்களில் மறுபடி காது கூர்மையாக இருந்தால், நீங்கள் செய்த திருத்தம் தவறில்லை. இதுதான் காரணம். கண்டுபிடிக்க வழி உண்டு. எஃப்/1.8-இல் லைவ் வியூவில் ஃபோகஸ் வைத்து, லென்ஸைக் கையால் ஃபோகஸ் செய்யும் நிலைக்கு மாற்றுங்கள். வளையத்தைத் தொடாமல் எஃப்/1.8, எஃப்/2.8, எஃப்/4 என்று மூன்று எடுங்கள். அளவுகோலில் கூர்மையான இடம் படிப்படியாகப் பின்னால் நகர்ந்தால் சந்தேகமே இல்லை. எந்த எண்ணும் மூன்று துளைக்கும் சேர்த்துப் பொருந்தாது. எந்தத் துளையில் அதிகம் எடுக்கிறீர்களோ அதிலேயே சோதித்து எண்ணை வையுங்கள். எஃப்/5.6-க்கு மேல் போனால் ஆழமே அதிகமாகி இந்த நகர்வை மறைத்துவிடும். அங்கே கவலை வேண்டாம்.

கடைசியில் சர்வீஸ் மையத்துக்குத்தான் போக வேண்டும் என்றால், கேமராவையும் லென்ஸையும் சேர்த்தே அனுப்புங்கள். வியூஃபைண்டர், லைவ் வியூ இரண்டிலும் எடுத்த படங்களைத் திருத்தாமல், அளவு குறைக்காமல் கூடவே கொடுங்கள். 'ஃபோகஸ் சரியில்லை' என்று எழுதாதீர்கள். எந்த லென்ஸ், எத்தனை மீட்டர், எத்தனை செ.மீ. பின்னால் என்று எழுதுங்கள். அனுப்பும் முன் நீங்கள் வைத்த எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொண்டு மெனுவில் பூஜ்ஜியத்துக்குத் திருப்பிவிடுங்கள். அதை மறந்தால், அவர்கள் உள்ளே சரியாகத் திருத்திக் கொடுத்த கேமரா உங்கள் பழைய மைனஸ் 10-ஐச் சேர்த்துக்கொண்டு, இந்த முறை மூக்கு நுனியைக் கூர்மையாக்கும்.