தாத்தாவுக்கு நான்கு வரி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் திருமணமாகி வதோதராவில் வசிக்கிறேன். என் மாமனாருக்கு அடுத்த மாதம் 80 வயது நிறைவடைகிறது. அன்று எட்டு வயதான என் மகள் உறவினர் முன்னிலையில் தாத்தாவுக்கு ஒரு சிறிய குஜராத்திச் செய்யுளைப் படிக்க ஆசைப்படுகிறாள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். நான் எழுதிப் பார்த்தது இது: "மாரோ தாதா பஹு ஸாரோ சே, ஸோ வரஸ் ஜீவஜே" (என் தாத்தா மிகவும் நல்லவர், நூறாண்டு வாழ்க). ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது. மரியாதை குறையாமல், படிக்க எளிதாக எப்படி எழுதுவது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வரியில் முதலில் கண்ணில் படுவது ஓகாரம். குஜராத்தியில் ஆண்பால் ஒருமை பெரும்பாலும் ஓகாரத்தில் முடியும். பன்மையில் அது ஆகாரமாகும். மரியாதைக்குரிய ஒருவரைப் பற்றிப் பேசும்போது, தமிழில் "வந்தான்" என்பதை "வந்தார்" ஆக்குவது போலவே, அவர்கள் பன்மைக்குப் போய்விடுவார்கள். தாதா, காகா, மாமா என்ற உறவுப் பெயர்களே அந்த மரியாதைப் பன்மையின் வடிவில்தான் நிற்கின்றன. ஆகவே அவற்றோடு சேரும் சொற்களும் மாற வேண்டும்: "மாரோ" அல்ல, "மாரா", "ஸாரோ" அல்ல, "ஸாரா". "தாத்தா நல்லவன்" என்று தமிழில் ஒரு குழந்தை சொன்னால் சபை எப்படி ஒரு கணம் திகைக்குமோ, அப்படித்தான் உங்கள் வரி அங்கே ஒலிக்கும். "ஜீவஜே" என்பதும் "நீ" என்று அழைக்கப்படுகிறவருக்கான ஏவல்; "நீங்கள்" என்றால் "ஜீவஜோ". (பாட்டிக்கு எழுதும் நாள் வந்தால் இந்த ஆகாரம் போதாது, அங்கே மூக்கொலியோடு கூடிய "ஆங்" வர வேண்டும். "வந்தார்" என்பது தாதாவுக்கு "ஆவ்யா", பா என்கிற பாட்டிக்கு "ஆவ்யாங்".)

இவையெல்லாம் ஓரெழுத்துத் திருத்தங்கள். ஆனால் "ஜீவஜோ" என்று திருத்திய பிறகும் அந்த வரி எனக்கு நெருடுகிறது. நூறாண்டு வாழ்க என்பது, குனிந்து காலைத் தொடும் பேத்தியின் தலையில் கை வைத்துத் தாத்தா சொல்ல வேண்டிய வாக்கியம். "ஸோ வரஸ்னீ தஜே" என்று அவர் சொல்லப் போவதை நாமே முந்திக்கொண்டு அவரிடம் சொல்லிவிடுகிறோம். நம்மூரிலும் "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்" என்றுதானே சொல்கிறோம். குஜராத்தி வீடுகளில் இளையவர் பெரியவரிடம் சொல்வது "பகே லாகுங் சுங்", அதாவது "உங்கள் காலில் விழுகிறேன்" என்பது. அதையே செய்யுளில் "பாய் லாகுங்" என்று சுருக்கலாம். செய்யுள் வணக்கத்தில் முடியட்டும். வாழ்த்து அவர் வாயிலிருந்து வரட்டும்.

இனி வடிவம். குழந்தைக்கு ஏற்றது சோபாயி என்ற செய்யுள் வகை. ஒரு வரிக்கு 15 மாத்திரை. வரியின் கடைசியில் ஒரு நெடிலும் ஒரு குறிலும் வரும். இந்தியில் இதே பெயருள்ள வகைக்கு 16 மாத்திரை என்பதால், இந்திப் பாட்டின் மெட்டில் வைத்து எழுதினால் ஒன்று மிஞ்சிவிடும். கணக்கு நமக்குப் புதிதல்ல: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. கூட்டெழுத்துக்கு முன் வரும் குறிலையும், "லாகுங்" போல மூக்கொலியில் முடியும் உகரத்தையும் இங்கே இரண்டாக எண்ணுகிறோம். இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். சொல்லின் கடைசியில் வரும் அகரம் பேச்சில் கேட்காது. ஆனால் கணக்கில் அதற்கு ஒரு மாத்திரை உண்டு. "ஹாத்" என்று ஒலிக்கும் சொல் எழுத்தில் "ஹாத" என்றே இருப்பதால் அது மூன்று மாத்திரை.

உங்கள் மகளுக்காக நான் எழுதியது இது:

ஜாலீ தாதாஜீனோ ஹாத்,
பகலாங் பரதாங் ஷீகீ ஸாத்;
ஆஜே ஏன்ஷீ பூராங் தாய்,
லாகுங், தாதா, தமனே பாய்.

"தாதாஜியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவரோடு அடியெடுத்து வைக்கக் கற்றேன், இன்று எண்பது நிறைகிறது, தாதா, உங்கள் காலில் விழுகிறேன்" என்பது பொருள். முதல் வரியைப் பிரித்துப் பாருங்கள்: ஜாலீ நான்கு, தாதா நான்கு, ஜீனோ நான்கு, ஹாத் மூன்று. மற்ற மூன்று வரிகளும் இதே நான்கு, நான்கு, நான்கு, மூன்று என்ற அடைவில்தான் நடக்கின்றன; குழந்தை கைதட்டிக்கொண்டே பழகிவிடலாம்.

"ஜன்மதிவஸ்", "வர்ஷ்காண்ட்" என்ற சொற்களை நான் வேண்டுமென்றே தவிர்த்தேன். இரண்டாவது சொல் எனக்கு மிகவும் பிடித்தது. ஆண்டு முடிச்சு என்று பொருள். ஆனால் இரண்டிலும் ஜோடாக்ஷர், அதாவது கூட்டெழுத்து இருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை தடுமாறும் இடம் பெரும்பாலும் அதுதான். மேலே உள்ள நான்கு வரிகளில் ஒரு கூட்டெழுத்துகூடக் கிடையாது. படிப்பது பேரனாக இருந்தால் "ஷீகீ" என்பதை "ஷீக்யோ" என்று மாற்ற வேண்டியிருக்கும்; மாத்திரை அதேதான், ஆனால் ஒரு கூட்டெழுத்து உள்ளே வந்துவிடும்.

"பூராங் தாய்" என்றால் நிறைவடைகிறது என்று பொருள். குஜராத்திகள் வயதை எண்ணும்போது "எண்பது நிறைந்தது, எண்பத்தொன்று உட்கார்ந்தது" என்று பிரித்துச் சொல்வார்கள். நீங்கள் 80 நிறைவு என்று தெளிவாக எழுதியிருப்பதால் இந்தச் சொல் பொருந்துகிறது; அவருக்கு எண்பது தொடங்கத்தான் போகிறது என்றால் சபையில் யாராவது ஒரு பெரியவர் உடனே திருத்திவிடுவார். இதே வரி 90 வயதுக்கும் உதவும், ஏனெனில் "நேவுங்" என்பதும் நான்கு மாத்திரைதான். 70க்கு உதவாது, "ஸித்தேர்" ஐந்து மாத்திரை, வரி இடறும்.

தமிழ் எழுத்தில் நான் கொடுத்திருப்பது உங்களுக்காக மட்டுமே. மகளுக்குக் குஜராத்தி எழுத்திலேயே, ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் நல்ல இடைவெளி விட்டு, பெரிதாக எழுதிக் கொடுங்கள். நம் எழுத்தில் தாதாவின் தகரமும் ஹாத்தின் தகரமும் ஒன்றுபோலத் தெரிகின்றன. அங்கே முதலாவது மெலிந்த ஒலி, இரண்டாவது மூச்சோடு வரும் ஒலி. "தாய்" என்பதிலும் அந்த மூச்சொலிதான் வர வேண்டும். "பகலாங்", "லாகுங்" ஆகியவற்றின் இறுதியில் உள்ள ஙகர மெய்யை அழுத்தாமல் மூக்கில் மட்டும் தொட்டு விடச் சொல்லுங்கள். இவற்றை உங்கள் கணவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டினால் போதும், அவள் பிடித்துக்கொள்வாள்.

முதல் மூன்று வரிகள் சபையைப் பார்த்துச் சொல்லப்படுபவை. அதனால்தான் முதல் வரியில் "தாதாஜீ" என்று படர்க்கையில் வருகிறது. நான்காவது வரியில் "ஜீ" போய் வெறும் "தாதா" ஆகிறது. வீட்டில் அவள் அழைப்பதும் அப்படித்தான் இருக்கும். மரியாதையை அங்கே "தமனே" என்ற சொல் தாங்கிக்கொள்கிறது. மூன்றாவது வரி முடிந்ததும் அவள் தாளைக் கீழே வைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பி நடந்து போய்க் கடைசி வரியை மனப்பாடமாகச் சொல்லட்டும். "பாய்" என்னும்போது கை அவர் காலில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் ஏதாவது சொல்வார். அதுவரை யாரும் கைதட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்