போஸ்ட்பெய்டு பில்லில் எந்தத் தொகை எந்த மாதத்துக்கு உரியது?

கேள்வி: என் போஸ்ட்பெய்டு பில் ஒவ்வொரு மாதமும் வேறு தொகையாக வருகிறது. பிளான் கட்டணம், கூடுதல் டேட்டா, ரோமிங், வரி என்று பிரித்து மாத பட்ஜெட்டில் எழுதுவது எப்படி?

தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் இருக்கும் தேதிகளைப் பாருங்கள். பெரும்பாலும் மாத வாடகையை முன்கூட்டியே, அதாவது இனி வரப்போகும் பில் சுழற்சிக்கு வாங்குவார்கள். கூடுதல் டேட்டாவும் ரோமிங்கும் பயன்படுத்திய பிறகுதான் தெரியும் என்பதால், அவை முடிந்துபோன சுழற்சிக்கு உரியவை. ஆக, ஒரே பில்லில் இரண்டு மாதங்களின் கணக்கு இருக்கிறது. முதல் பில் பெரிதாக வருவதும் இதனால்தான்: இணைப்பு எடுத்த நாளிலிருந்து சுழற்சி முடியும்வரை உள்ள நாட்களின் வாடகையும், அடுத்த முழு மாத வாடகையும் அதில் சேர்ந்து வரும்.

ஒரு மாதிரி பில்லை எடுத்துக்கொள்வோம். சுழற்சி 5ஆம் தேதி தொடங்கி மறுமாதம் 4ஆம் தேதி முடிகிறது. வரி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பில்லில் உள்ள விகிதத்தை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

முந்தைய பாக்கி: 150
மாத வாடகை: 600
தள்ளுபடி: −50
கூடுதல் டேட்டா: 120
ரோமிங்: 400
வரி: 214
கட்ட வேண்டிய மொத்தம்: 1,434

முதல் வேலை, பாக்கி 150ஐ ஒதுக்கி வைப்பது. அது போன பில்லிலேயே செலவாக எழுதப்பட்டுவிட்டது. இங்கேயும் எழுதினால் ஒரே செலவு இரண்டு முறை ஏறும். பட்ஜெட் தப்பாகப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மீதி 1,284தான் இந்த பில்லின் உண்மையான செலவு.

அடுத்து வரி. அதைத் தனிச் செலவாக எழுதாதீர்கள். எந்த இனத்தால் வந்ததோ அந்த இனத்தோடு சேருங்கள். தள்ளுபடி போக வாடகை 550, வரியோடு 660. கூடுதல் டேட்டா 144. ரோமிங் 480. மூன்றையும் கூட்டினால் அதே 1,284 வரும். இப்படிச் செய்தால் டேட்டாவைக் கட்டுப்படுத்தினால் 120 அல்ல, 144 மிச்சமாகும் என்பது தெரியும். கூட்டல் ஒத்துவராவிட்டால், வரித்தொகையை வரிக்கு முந்தைய மொத்தத்தால் வகுத்துப் பாருங்கள். அச்சிட்டிருக்கும் விகிதத்தைவிடக் குறைவாக வந்தால், வரி போடாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. ஃபோனுக்கான மாதத் தவணையோ, பில் வழியாக வாங்கிய வேறொரு சேவையோ அப்படி இருக்கலாம். அதைத் தனியாக எழுதுங்கள், அது பேச்சுக்கோ டேட்டாவுக்கோ ஆன செலவல்ல.

கூடுதல் டேட்டாவில் அளவு எப்படி முழுமையாக்கப்படுகிறது என்று பாருங்கள். மாதிரி பில்லில் பிளான் அளவு 40 ஜிபி, பயன்படுத்தியது 43.2 ஜிபி. ஒரு ஜிபிக்கு 30 என்றால் 96 தானே வர வேண்டும்? 120 வந்திருப்பது, ஒவ்வொரு ஜிபியும் முழுத் துண்டாகக் கணக்கிடப்பட்டதால். கடைசி 0.2 ஜிபிக்கும் முழு 30. ஃபோனில் உள்ள டேட்டா கணக்கும் பில்லும் ஒத்துப்போகாததற்குப் பொதுவான காரணம், ஃபோன் 1ஆம் தேதியிலிருந்து எண்ணுவது. ஆண்ட்ராய்டு ஃபோன்களின் டேட்டா அமைப்பில் சுழற்சி தொடங்கும் தேதியை 5 என்று மாற்றி, 38 ஜிபியில் எச்சரிக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

ரோமிங் பகுதியை இன்னும் நிதானமாகப் படிக்க வேண்டும். வெளிநாட்டில் செலவான டேட்டா பெரும்பாலும் உள்நாட்டு 40 ஜிபியில் கழியாது, தனிக் கணக்கு. அதனால் அதைக் கூடுதல் டேட்டாவோடு கலக்கக் கூடாது. நாள் பேக் என்றால், நாள் என்பது முதல் பயன்பாட்டிலிருந்து 24 மணி நேரமா, நள்ளிரவுவரையா, எந்த நாட்டு நள்ளிரவு என்று விதியில் பாருங்கள். நள்ளிரவுக் கணக்கில், இரவு 11 மணிக்கு இறங்கி ஒரு செய்தி பார்த்தாலே ஒரு நாள் போய்விடும். இன்னொன்று, வெளிநாட்டு நெட்வொர்க் தன் பதிவுகளைத் தாமதமாக அனுப்பக்கூடும். சுழற்சியின் கடைசி நாட்களில் போன பயணத்தின் பாதிக் கட்டணம் அடுத்த பில்லில் வந்தால் திகைக்க வேண்டாம். விவரப் பட்டியலில் உள்ள பயன்பாட்டுத் தேதி பயண நாட்களுக்குள் இருக்கிறதா என்று மட்டும் சரிபாருங்கள். வெளியே இருந்தால் புகார் செய்யுங்கள்.

பட்ஜெட்டில் 660ஐ நிலையான மாதச் செலவாகவும், கூடுதல் டேட்டாவைக் கடந்த ஆறு பில்களின் சராசரியாகவும் எழுதலாம். அந்தச் சராசரி, அடுத்த பெரிய பிளானுக்கு ஆகும் வித்தியாசத்தை வரியோடு சேர்த்துத் தாண்டினால் பிளானை மாற்றிவிடுவது மலிவு. ரோமிங் 480ஐ ஃபோன் செலவில் வைக்காமல் பயணச் செலவில் சேர்ப்பதே சரி என்பது என் கருத்து. ஃபோன் கணக்கில் வைத்தால் பயணமில்லாத மாதங்களின் சராசரியையும் அது கெடுத்துவிடும். தள்ளுபடி 50க்கு முடிவுத் தேதி இருந்தால் அதைக் குறித்து வையுங்கள். அந்த மாதத்திலிருந்து 660 என்பது 720 ஆகிவிடும்.