லேண்ட்லைன விட்றலாமா?

"கோபி பக்கம் அப்பா அம்மா தனியா இருக்காங்க, கரண்ட் போனா லேண்ட்லைனும் செத்துருது, இன்னும் எதுக்கு வெச்சிருக்கணும்?"

இப்பவே சரண்டர் பண்ணிராதீங்க, மொதல்ல மோடத்துக்கு ஒரு மினி யுபிஎஸ் போட்டுப் பாருங்க.

உங்க லைன் ஃபைபருக்கு மாறியிருக்கும்னு தோணுது. பழைய செம்புக் கம்பில எக்ஸ்சேஞ்ச்ல இருந்தே போனுக்குக் கரண்ட் வந்துரும், ஃபைபர்ல வீட்டு மோடம் ஓடுனாத்தானுங்க டயல் டோனே.

மோடம் பிளக்கப் புடுங்கிட்டு ரிசீவரக் காதுல வைங்க, டோன் போயிருச்சுன்னா அதேதான். அடாப்டர் மேல போட்டிருக்கற வோல்ட்டப் பாத்து அதே வோல்ட்ல யுபிஎஸ் வாங்குங்க, கடைக்காரர் குடுக்கறத அப்படியே வாங்கிட்டு வந்துராதீங்க.

ஆனா அது சில மணி நேரந்தான் தாங்கும், ஐப்பசி மழைல நாள்பூரா கரண்ட் இல்லீனா ஆகாது, அதுக்கு பெரிய பட்டன் செல்போன் ஒண்ணு வேணும். அம்மா அதுல தானா பேசிப் பழகட்டும், அப்பறமா நம்பர விடறதப் பாத்துக்கலாங்க.